செல்போன் குரல் பதிவில் சாம்பிள் ரேட், பிட் டெப்த்: எந்த எண்ணை வைப்பது, அது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது

குரல் பதிவுச் செயலி ஒன்றைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போனால் Sample rate என்று ஒரு வரி இருக்கும். தொட்டுப் பார்த்தால் 8000, 16000, 44100, 48000 என்று எண்கள் வரிசையாக வரும். சில செயலிகளில் 96000கூட இருக்கும். பக்கத்திலேயே Bit depth என்று 16, 24, சில சமயம் 32. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் கடைசி எண்ணைத்தான் தொடுவார்கள். எண் பெரிதானால் ஒலி தெளிவாகும் என்ற நினைப்பு. ஓர் எல்லை வரைக்கும் அது சரிதான். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். குரல் பதிவுக்கு 48000, 16 பிட், மோனோ அதாவது ஒற்றைத் தடம், ஒலியைச் சுருக்காத WAV கோப்பு. செயலியில் 48000 இல்லாமல் 44100 மட்டும் இருந்தால் அதுவும் போதும். ஏன் இந்த எண்கள், இவற்றை வைத்த பிறகும் எப்படி ஏமாந்துபோகலாம் என்பதுதான் மீதிக் கட்டுரை.

சாம்பிள் ரேட் எதை அளக்கிறது

நாம் பேசும்போது காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. மைக் அதை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. போனுக்குள் இருக்கும் ஒரு சிறு சுற்று, அந்த மின்னழுத்தம் இந்தக் கணத்தில் எவ்வளவு என்று திரும்பத் திரும்ப அளந்து எண்களாக எழுதிக்கொண்டே போகிறது. ஒரு நொடியில் எத்தனை தடவை அளக்கிறது என்பதுதான் சாம்பிள் ரேட். 48000 என்றால் நொடிக்கு 48,000 அளவைகள். இதையே 48 கிலோஹெர்ட்ஸ் என்றும் சொல்வார்கள்.

எவ்வளவு அடிக்கடி அளந்தால் போதும்? ஓர் அதிர்வைப் பிடிக்க வேண்டுமானால் அதன் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். நைக்விஸ்ட், ஷானன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை கீழே இறங்கும். ஆகவே 40,000க்குக் கொஞ்சம் மேலே போனால் காதுக்கு எட்டும் எல்லாமே அடங்கிவிடும். 44100, 48000 இரண்டும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

44100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நீண்ட நாள் கேள்வி இருந்தது. டிஜிட்டல் ஒலியின் தொடக்க காலத்தில் அதைச் சேமிக்க வீடியோ நாடா இயந்திரங்களைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் ஒரு கோட்டுக்கு 3 அளவைகள், களம் எனப்படும் ஒவ்வொரு பாதிப் படத்திலும் 245 கோடுகள், நொடிக்கு 60 களங்கள். மூன்றையும் பெருக்கினால் 44,100. 1982இல் விற்பனைக்கு வந்த சிடியும் அதே எண்ணை எடுத்துக்கொண்டது. வீடியோ தொழிலில் 48000 நிலைத்தது. இன்றைய செல்போன்களின் ஒலிச்சுற்று பெரும்பாலும் 48000இல்தான் இயங்குகிறது. நான் 48000ஐச் சொல்வதற்கு அதுதான் காரணம். போன் தன் இயல்பான வேகத்தில் அளந்ததை அப்படியே எழுதிவிடலாம், நடுவில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். அளவைகளைப் புள்ளிகளாக வரைந்து, படிக்கட்டு போல இணைத்துக் காட்டும் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். படி சிறிதானால் ஒலி வழவழப்பாகும், அதனால் 96000 இன்னும் நல்லது என்று அதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் திரும்பக் கேட்கும்போது படிக்கட்டு எதுவும் வெளியே வருவதில்லை. அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் செல்லக்கூடிய, அந்த எல்லைக்குள் அடங்கிய அலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கருவி அதைத்தான் மீட்டெடுக்கிறது. 96000இல் கூடுதலாகக் கிடைப்பது 24,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் பகுதி. அதை நம் காது கேட்காது. கோப்பு மட்டும் இரண்டு மடங்காகும். பல போன்களில் அந்தக் கூடுதல் பகுதியும் உண்மையாக வராது. உள்ளே 48000இல் அளந்துவிட்டு, செயலி கேட்டதற்காகக் கணக்குப் போட்டு நிரப்பிக் கொடுத்திருக்கும்.

குறைந்தால் என்ன போகும்

மேலே போனால் பயனில்லை. கீழே வந்தால் இழப்பு காதிலேயே தெரியும். பழைய தொலைபேசி இணைப்பு 8000 சாம்பிள் ரேட்டில் இயங்கியது. கேட்கும் பகுதி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். போனில் யாருக்காவது ஆங்கில எழுத்துகளைச் சொல்லிப் பாருங்கள். "எஸ்ஸா எஃப்பா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகமாக இருக்கிறது. தொலைபேசி அந்தப் பகுதியை வெட்டிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன.

நம் குரலின் அடிப்படை அதிர்வு தாழ்வானது. பெரியவர்கள் பேசும்போது பெரும்பாலும் 85க்கும் 255 ஹெர்ட்ஸுக்கும் இடையில் இருக்கும். "அப்படியானால் 8000 போதுமே" என்று கேட்கலாம். அடிப்படை அதிர்வு குரலின் உயரத்தை மட்டுமே சொல்கிறது. ஆ, ஈ, ஊ என்று உயிரெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அதற்கு மேலே சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கிறது. ஸ, ஷ போன்ற ஒலிகள் அதற்கும் மேலே போகின்றன. அப்புறம் மூச்சுச் சத்தம், உதடு பிரியும் ஓசை. ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற உணர்வைத் தருவது இந்த மேல்பகுதிதான். 16000 ரேட்டில் 8000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கிடைக்கும். சொற்கள் புரியும், ஆனால் குரல் துணி போர்த்தியது போல மங்கியிருக்கும்.

பிட் டெப்த் எதை அளக்கிறது

சாம்பிள் ரேட் எத்தனை தடவை அளக்கிறோம் என்பது. பிட் டெப்த், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது. அளவுகோலில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். 16 பிட்டில் 65,536 கோடுகள். 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல்.

அளவை இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்தால் பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளி எழுத வேண்டியிருக்கும். அந்தச் சிறு பிழைகள் எல்லாம் சேர்ந்து மெல்லிய இரைச்சலாகப் பதிவின் அடியில் கிடக்கும். பிட் டெப்த் கூடினால் அந்த இரைச்சல் குறையும். அது மட்டும்தான் நடக்கும். குரல் செழிப்பாவதோ இனிமையாவதோ இதனால் வராது. ஒவ்வொரு பிட்டுக்கும் அந்த இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபல் கீழே இறங்கும். ஆக 16 பிட்டில் மிக உரத்த ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இடையே சுமார் 96 டெசிபல் தூரம் இருக்கிறது. 24 பிட்டில் 144.

96 போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அமைதியான ஓர் அறையில்கூட 30 டெசிபல் அளவுக்கு ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். போனை ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினால் குரல் 70 டெசிபல் சுமாருக்கு வரும். இரண்டுக்கும் இடையே 40 டெசிபல்தான். பதிவின் உச்சத்தை எல்லைக்கு 12 டெசிபல் கீழே வைத்தாலும் 16 பிட்டில் 84 டெசிபல் மிச்சம் இருக்கிறது. அதாவது அறையின் சத்தம், பிட்டால் வரும் இரைச்சலை விட 40 டெசிபலுக்கும் மேல் உரக்கக் கேட்கும். 24 பிட்டுக்கு மாற்றினால் ஏற்கெனவே கேட்காத இரைச்சல் இன்னும் கேட்காமல் போகும். மின்விசிறிச் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் 24 எதற்கு? கிசுகிசுப்பும் கத்தலும் மாறி மாறி வரும் நாடக வாசிப்பில், கத்தலுக்கு இடம் விட்டு அளவை நன்றாகத் தாழ்த்தி வைக்க வேண்டியிருக்கும். பிறகு கிசுகிசுப்பை மட்டும் உயர்த்துவீர்கள். அப்போது கூடுதல் பிட்டுகள் கைகொடுக்கும். செயலியில் 24 இருந்து, போனில் இடமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் எந்த பிட் டெப்த்தும் காப்பாற்றாத ஒன்று உண்டு. மைக்குக்கு மிக அருகில் உரக்கப் பேசி ஒலி எல்லையைத் தாண்டினால், அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். கரகரவென்று கேட்கும் அதை க்ளிப்பிங் என்பார்கள். 32 பிட் ஃப்ளோட் என்று கோப்பை எழுதினாலும், போனின் அளக்கும் சுற்றிலேயே வெட்டுப்பட்டது திரும்பி வராது.

இனிப் பதிவு

செயலியின் அமைப்புகளில் முதலில் கோப்பு வகையை WAV என்று மாற்றுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். M4A, MP3 போன்றவை பொதுவாகக் கோப்பைச் சுருக்குவதற்காக ஒலியின் சில பகுதிகளைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. அப்படிச் சுருக்கியவற்றில் பிட் டெப்த் என்ற பேச்சே இல்லை. அங்கே நீங்கள் பார்க்கும் 128, 256 போன்ற எண்கள் பிட் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட்டுகள் செலவழிக்கிறோம் என்ற கணக்கு. பெயர் ஒத்திருப்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐபோனில் இருக்கும் Voice Memos செயலியில் இந்த எண்கள் எதுவும் கண்ணில் படாது. அதன் அமைப்புகளில் Audio Quality என்ற வரியில் Compressed என்பதை Lossless என்று மாற்றினால் போதும்.

அடுத்து சாம்பிள் ரேட் 48000, பிட் டெப்த் 16, சேனல் மோனோ. ஒரு வாய் பேசுவதற்கு ஸ்டீரியோ தேவையில்லை. செயலியில் இரைச்சல் நீக்கம், தானாக ஒலியளவு சரிசெய்தல் என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளிகளில் பின்னணிச் சத்தம் மெல்ல ஏறி வருவது அந்தத் தானியங்கிச் சரிசெய்தலால்தான்.

பிறகு ஒரு நிமிடம் சோதனைப் பதிவு. நீங்கள் உண்மையில் பேசப்போகும் குரலிலேயே பேசுங்கள். மிக உரத்த இடத்தில் அளவுமானி -12க்கும் -6க்கும் இடையே நிற்க வேண்டும். 0ஐத் தொடவே கூடாது. தொட்டால் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கடைசியில் ஒரு தடவை "ஸ்ஸ்ஸ்" என்றும் "ஷ்ஷ்ஷ்" என்றும் நீட்டிச் சொல்லி முடியுங்கள். அது எதற்கு என்று கீழே வருகிறது.

இனிக் கோப்பின் அளவைப் பாருங்கள். கணினி இல்லாமலேயே செய்யக்கூடிய சோதனை இது, நான் மிகவும் நம்புவதும் இதுதான். 16 பிட் என்றால் ஓர் அளவைக்கு 2 பைட். மோனோ என்றால் ஒரு சேனல், நிமிடத்துக்கு 60 நொடி. ஆகவே கணக்கு இப்படி வரும்:

```
48000 × 2 × 1 × 60 = 5760000
```

ஒரு நிமிடத்துக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் பைட், அதாவது 5.76 எம்பி. சில போன்கள் கணக்கிடும் முறை வேறு என்பதால் 5.5 என்று காட்டலாம். உங்கள் ஒரு நிமிடக் கோப்பு இந்த அளவில் இருந்தால் நீங்கள் கேட்டபடியே எழுதப்பட்டிருக்கிறது. 11.5 எம்பி இருந்தால் அது ஸ்டீரியோ. 8.6 இருந்தால் 24 பிட். 1 எம்பி அளவில் இருந்தால், ஒன்று கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் சாம்பிள் ரேட் 8000இல் நிற்கிறது. ஒரு மணி நேரப் பதிவுக்கு 346 எம்பி ஆகும் என்பதால், நீண்ட பேட்டி எடுக்கப் போகும் முன் போனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் சரி, ஒலி தவறு

கோப்பின் அளவு சரியாக இருந்தும் நான் ஏமாந்த ஒரு பதிவு உண்டு. 20 நிமிடக் கதை வாசிப்பு அது. முதல் பத்து நிமிடம் போனை மேசையில் சாய்த்து வைத்து அதன் சொந்த மைக்கில் பேசினேன். பிறகு எழுந்து நடந்துகொண்டே வாசிக்கலாம் என்று ப்ளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டேன். செயலியில் அதன் மைக்கைத் தேர்ந்தெடுத்து மீதியை முடித்தேன். இரண்டு கோப்புமே 48000, 16 பிட். அளவும் சரி. இரண்டையும் ஒட்டிக் கேட்டபோது, சரியாகப் பத்தாவது நிமிடத்தில் வாசிக்கிற ஆள் தொலைபேசிக்குள் போய்விட்டது போல இருந்தது.

காரணம் ப்ளூடூத். இயர்போனில் பாட்டு கேட்கும்போது இயங்கும் வழி வேறு. அதன் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் இணைப்பு பொதுவாகத் தொலைபேசி அழைப்புக்கான வழிக்கு மாறிவிடும். அந்த வழியில் பெரும்பாலும் 16000 சாம்பிள் ரேட், பழைய கருவிகளில் 8000. போனுக்கு வந்து சேரும்போதே ஒலி மேல்பகுதியை இழந்துவிட்டது. செயலி 48000 என்று கேட்டதால் போன் இடைவெளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி 48000 ஆக்கிக் கொடுத்தது. கோப்பில் எழுதியிருக்கும் எண் பாத்திரத்தின் கொள்ளளவுதான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வேறு.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, கோப்பைத் திறந்து, தடத்தின் பெயரை ஒட்டி இருக்கும் பட்டியலில் Spectrogram என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலைக்கோடு மறைந்து வண்ணப் படம் வரும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். என் முதல் பாதியில் ஸ வரும் இடமெல்லாம் வண்ணம் 8000 ஹெர்ட்ஸைத் தாண்டி வெகு உயரம் வரை எழும்பியிருந்தது. இரண்டாம் பாதியில் 8000இல் ரம்பத்தால் அறுத்தது போல ஒரு கோடு. அதற்கு மேலே வெறும் இருட்டு. சோதனைப் பதிவின் முடிவில் "ஸ்ஸ்ஸ்" சொல்லச் சொன்னது இதற்காகத்தான். அந்த ஓர் ஒலி மேல்பகுதி முழுவதையும் நிரப்பும் என்பதால், எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று உடனே தெரியும். 4000இல் வெட்டு என்றால் 8000 ரேட், 8000இல் வெட்டு என்றால் 16000 ரேட். கணினி இல்லாவிட்டால் காதாலேயே பார்க்கலாம். ஸ, ஷ இரண்டும் தெளிவாக வேறுபட்டு, ஸ கூர்மையாகக் கேட்டால் நல்லது. ஸ ஒலி ஃப போல மழுங்கியிருந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது.

அதே மென்பொருளில் திறந்ததும் தடத்தின் விவரத்தில் 32-bit float என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஆடாசிட்டி தன் வேலைக்காக எந்தக் கோப்பையும் வழக்கமாக அப்படி மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். உங்கள் மூலக் கோப்பு 16 பிட்தான்.

அந்த இரண்டாம் பாதியைச் சரிசெய்ய உயர் அதிர்வெண்களைத் தூக்கிப் பார்த்தேன். தூக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை, இரைச்சல்தான் ஏறியது. கோப்பை 96000க்கு மாற்றினாலும் பயனில்லை. கடைசியில் போனின் மைக்கிலேயே திரும்ப வாசித்தேன். நடந்துகொண்டு பேச வேண்டும் என்றால் கம்பியுள்ள மைக்கை மாட்டிக்கொள்ளுங்கள். அல்லது போனில் செருகும் ரிசீவரோடு வரும் வயர்லெஸ் மைக்கும் சரி, அது ப்ளூடூத் அழைப்பு வழியில் போவதில்லை.

44100ம் 48000ம் கலந்தால்

இன்னொரு சிக்கல் பதிவு முடிந்த பிறகு வரும். உங்கள் குரல் 48000இல் இருக்கும், நண்பர் அனுப்பிய குரல் 44100இல் இருக்கும். நல்ல தொகுப்பு மென்பொருள் தானே மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். எங்காவது ஓரிடத்தில் எண்ணைத் தவறாகப் படித்தால்தான் வினை. 44100இல் அளந்ததை 48000 என்று நினைத்து ஓட்டினால் 10 நிமிடப் பேச்சு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். குரலும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுர அளவு மேலே ஏறும். மாறாக ஓடினால் 10 நிமிடம் 53 நொடி, குரல் கனத்துத் தொய்ந்து கேட்கும். பழகிய குரல் கொஞ்சம் வயது மாறியது போலத் தோன்றினால் முதலில் நேரத்தைப் பாருங்கள். மூலக் கோப்பின் நீளமும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் இதுதான் காரணம். அங்கே வேகத்தைக் கையால் திருத்தாமல், தொகுப்பின் சாம்பிள் ரேட்டை 48000 என்று முதலிலேயே வைத்துவிட்டு, கோப்பைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சரியான வழி.

தொகுத்து முடித்த WAV கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போது, குரல் செய்தியாக அனுப்ப வேண்டாம். செய்திச் செயலிகளில் மைக் பொத்தானை அழுத்திப் பதிவாகும் குரல், மிகவும் சுருக்கப்பட்டே போகிறது. ஸ்பீக்கரில் ஓட்டிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தி அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதே செயலியில் ஆவணமாக இணைக்கும் வழி இருக்கும், அதில் அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். போய்ச் சேர்ந்ததும் அவர்களிடம் கோப்பின் அளவைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 5.76 எம்பி என்ற கணக்கு அங்கேயும் பொருந்தி வர வேண்டும்.